கோதையை எண்பத்தாறாயிரம் பேர் பார்க்கிறார்கள்

ஜூன் 3, திங்கள்

கேஸ் நோட்டின் கடைசியில் சில தாள்கள் மிச்சம் இருக்கின்றன. மூன்றரை மணிக்கு வரவேண்டிய குழந்தைக்குக் காய்ச்சலாம். சும்மா உட்கார்ந்திருக்கிறேன். குழந்தைகளைப் பற்றி எழுதிப் பழகிய கை, தன்னைப் பற்றி எழுதும்போதும் அதே வரிசையில்தான் தொடங்குகிறது.

பெயர்: ஹெப்சிபா. வயது: முப்பத்தேழு. தொழில்: பேச்சுப் பயிற்சியாளர். இடம்: பாளையங்கோட்டை, தையல் கடைக்கு மேல் ஒரே அறை. வந்த காரணம்: தெரியவில்லை.

காலையில் கோதை தன் மூன்றாவது கிளையைத் திறந்திருக்கிறாள். கோதை என்னோடு சென்னையில் நான்கு வருடம் ஒரே வகுப்பில் படித்தவள், ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவள். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரி, ஆனால் இப்போதும் சென்னைதான். இன்ஸ்டாவில் குழந்தைகளின் பேச்சைப் பற்றி வீடியோ போடுகிறாள். எண்பத்தாறாயிரம் பேர் பார்க்கிறார்கள். கிளையின் சுவர் முழுக்க மஞ்சள் வண்ணம். ரிப்பன் வெட்டுகிற படத்தில் பத்துப் பேர் அவளைச் சுற்றி நிற்கிறார்கள், எல்லோரும் அவளிடம் வேலை பார்ப்பவர்கள்.

சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 4, செவ்வாய்

கோதையின் இன்ஸ்டா ஸ்டோரியை என் கணவர் ஜெபராஜின் போனில் பார்த்தேன். யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் அவளுக்குத் தெரியும். போட்ட இரண்டாவது நிமிடமே என் பெயர் அதில் இருந்தால் வேலை இல்லாதவள் என்று நினைப்பாள். ஜெபராஜ் பள்ளியில் கணக்கு வாத்தியார். "என் போன்ல என்ன தேடுத?" என்று கேட்டார். மழை வருமா என்று பார்த்ததாகச் சொன்னேன்.

ஜூன் 11, செவ்வாய்

தர்ஷிகா நான்கு மணிக்கு வந்தாள். மூன்று வயது எட்டு மாதம். காது நன்றாகக் கேட்கிறது, பரிசோதித்துவிட்டோம். வார்த்தைதான் இல்லை. ஜனவரியில் முதல்முறை வந்தபோது என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இப்போது சோப்புக் குமிழி பாட்டிலைத் திறக்க என் கையைப் பிடித்து இழுக்கிறாள், முகத்தைப் பார்க்கிறாள்.

அவள் அம்மா மாரிச்செல்வி இன்று கண் கலங்கிவிட்டாள். "எதுத்த வீட்டுப் பிள்ளை இவளுக்கு மூணு மாசம் இளசு டீச்சர். பாட்டா பாடுது. நான் சன்னலை அடைச்சிட்டு உக்காந்திருக்கேன்."

ஜனவரி மாதத் தாளை எடுத்துக் காட்டினேன். முதல் நாள் அரை மணி நேரத்தில் அவளாகச் சைகையில் ஒன்றைக் கேட்டது இரண்டு முறை, இன்று பதினேழு முறை. "எதிர்த்த வீட்டுப் பிள்ளை தொடங்குன இடம் வேற. உங்க பிள்ளையை உங்க பிள்ளையோட ஜனவரியோட வைச்சுப் பாருங்க" என்றேன். முகம் துடைத்துக்கொண்டு போனாள்.

இதை வாரத்துக்கு நான்கு பேரிடமாவது சொல்கிறேன். நன்றாகச் சொல்ல வருகிறது.

ஜூன் 12, புதன்

எண்பத்தாறாயிரத்து எழுநூறு.

ஜூன் 20, வியாழன்

கோதை பழைய படம் ஒன்றைப் போட்டிருக்கிறாள். மூன்றாம் வருடம், கல்லூரிக் கிளினிக். நீலத் துப்பட்டா, ரெட்டைச் சடை, கையில் பொம்மை ஆடு. "எல்லாம் இங்கே தொடங்கியது" என்று எழுதியிருக்கிறாள். படத்தின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அது என் முழங்கை. அந்தப் படத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. முழங்கை நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

அந்த ஆட்டுக்கு ஒரு காது கிடையாது. நாங்கள் இருவரும் சேர்ந்து பாரிமுனையில் வாங்கியது. திரும்பும்போது மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்காமல், கோதை ஆட்டைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். குழந்தை என்று நினைத்து ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். தாம்பரம் வரை நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. அப்போதெல்லாம் ரிப்போர்ட் எழுதுவது என்றால் கோதைக்குத் தூக்கம் வந்துவிடும். அவளுடையதையும் சேர்த்து நான் எழுதுவேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. வகுப்பில் நான் சொல்ல வேண்டியதை அவள் எழுந்து சொல்வாள். எது யாருடையது என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

அந்தப் படத்துக்கு நாலாயிரம் இதயங்கள்.

ஜூன் 27, வியாழன்

இப்போது என் போனைத் திறந்தாலே பேச்சுப் பயிற்சியாளர்கள். கொச்சியில் ஒருத்தி, பெங்களூரில் இருவர், துபாயில் மருத்துவமனைத் தலைவராகிவிட்ட ஜூனியர். நான் எதில் அதிக நேரம் நிற்கிறேனோ அதையே அது மேலும் மேலும் கொண்டுவந்து தருகிறதாம், ஜெபராஜ் சொன்னார். "நீ நிக்கிறதைத்தான் அது பாக்குது. உனக்குப் பிடிச்சிருக்கா, வலிக்கான்னு அதுக்குத் தெரியாது."

"எனக்கு ஏன் வலிக்கணும்?" என்றேன். அவர் சட்னி அரைக்கப் போய்விட்டார்.

இன்று இரண்டு ரிப்போர்ட் எழுதவேண்டும். எழுதவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

தர்ஷிகா "தா" என்றாள்.

குமிழி பாட்டிலை மூடிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு விநாடி, ஏழு விநாடி இருக்கும். பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதடு அசைந்தது. "தா." உடனே திறந்து ஊதினேன். மறுபடியும் "தா." மூன்று முறை. மாரிச்செல்வி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

உண்மையை எழுதிவிடுகிறேன். எனக்கு முதலில் தோன்றியது: ஐயோ, போனில் எடுக்கவில்லையே.

ஜூலை 11, வியாழன்

போனை அலமாரியில் சாய்த்து வைத்தேன். மாரிச்செல்வியிடம் கேட்டேன். "நீங்க சொன்னா சரிதான் டீச்சர்" என்றாள். பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் சரியாக இல்லை என்று மேசையை நகர்த்தினேன். தர்ஷிகா வழக்கமாக உட்காரும் இடம் மாறிவிட்டது. குமிழி ஊதினேன், நிறுத்தினேன், கேட்டேன். சொன்னாள், ஆனால் முதுகு போனுக்குத் திரும்பியிருந்தது. திரும்பச் சொல்ல வைத்தேன். ஒருமுறை சரியாக விழுந்தது. இன்னும் ஒன்று கிடைத்தால் நல்லது என்று தொடர்ந்தேன். பிறகு அவள் மேசைக்கு அடியில் போய்விட்டாள். தூக்கம் போலிருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

முப்பத்தெட்டு விநாடி. பின்னணியில் வீணை. "ஆறு மாதக் காத்திருப்பு, ஒரு வார்த்தை" என்று எழுதிப் போட்டேன்.

கோதை இதயம் போட்டாள், ஒன்பது நிமிடத்தில்.

ஜூலை 13, சனி

காலை 340. பத்து மணிக்கு 412. ஒரு மணிக்கு 2,100. நான்கு மணிக்கு 5,600. சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 16, செவ்வாய்

தர்ஷிகா வரவில்லை. மழையும் இல்லை.

ஜூலை 18, வியாழன்

இன்றும் வரவில்லை. நான்கரைக்குப் போன் செய்தேன். நீண்ட நேரம் அடித்த பிறகு மாரிச்செல்வி எடுத்தாள்.

"எங்க நாத்தனா பாத்துட்டாவ டீச்சர். அவுக குரூப்புல எல்லாருக்கும் அனுப்பிட்டாவ. சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா போன் போட்டு, பிள்ளை ஊமையாமேன்னு கேக்காக."

"நான் உங்ககிட்ட கேட்டேனே மாரி" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

"கேட்டீங்க டீச்சர். பிள்ளையை நீங்கதான பாக்கீங்க, எப்படி மாட்டேன்னு சொல்லுவேன்?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவ இப்ப 'தா'வும் சொல்ல மாட்டேங்கா. குமிழியைக் காட்டுனா கட்டிலுக்கு அடியில போயிருதா."

வைத்துவிட்டாள். இன்ஸ்டாவிலிருந்து வீடியோவை அழித்தேன். பதினோராயிரத்து இருநூறு பேர் பார்த்திருந்தார்கள். அழிப்பதற்கு முன் அந்த எண்ணை நான் பார்த்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஜெபராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மழை வருமா என்று பார்த்தது உட்பட. "அது அன்னைக்கே தெரியும்" என்றார்.

ஜூலை 28, ஞாயிறு

ஜெபராஜ் ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் போயிருக்கிறார். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு இருந்துகொண்டேன். தலைவலி இல்லை.

அன்று எடுத்த வீடியோ முழுதும் போனில் இருக்கிறது, இருபத்திரண்டு நிமிடம். கல்லூரிக் கிளினிக்கில் மாணவர்களின் பயிற்சியை எண்ணிக் குறிப்பதுபோல உட்கார்ந்து, முதல் பத்து நிமிடத்தை எண்ணினேன். நான் கேட்ட கேள்வியும் கொடுத்த கட்டளையும் நாற்பத்தொன்பது. அதில் "சொல்லு" மட்டும் இருபத்து மூன்று. கேட்டுவிட்டு நான் காத்திருந்தது ஒரு விநாடி, அதிகம் போனால் ஒன்றரை. குழந்தை தானாகத் தொடங்கியது நான்காவது நிமிடம் வரை ஐந்து முறை. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. தூக்கம் இல்லை அது.

இந்தப் பெண் யார் என்று தோன்றியது. எங்கேயோ பார்த்த பெண்ணாக இருந்தாள். கேட்டுவிட்டுத் தானே பதில் சொல்கிற, குழந்தையின் வாய்க்கு முன்னால் போய் நிற்கிற பெண்.

பழைய பென்டிரைவைத் தேடி எடுத்தேன். மூன்றாம் வருடத்தில் கிளினிக்கில் பதிவு செய்த ஒலிகள். முதலில் மின்விசிறி கடகடக்கிறது. அது கல்லூரியின் ஐந்தாம் எண் அறை, அந்த மின்விசிறிக்கு எங்கள் வகுப்பே ஒரு பெயர் வைத்திருந்தது. வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் யாரோ சைக்கிள்களை வரிசையாகத் தள்ளிவிட்ட சத்தம். பிறகு என் குரல். எவ்வளவு மெல்லிய குரல்! இருபத்தொரு வயது. பயந்துபோய், வேகவேகமாக, "இது என்ன? ஆடா? ஆடுதானே? ஆடு என்ன சொல்லும்? ம்மே சொல்லும், சொல்லு, ம்மே!"

எண்ணினேன். பத்து நிமிடத்தில் ஐம்பத்தெட்டு. நான் விட்ட நீண்ட மௌனம் இரண்டு விநாடி. அதுவும் இருமியதால்.

பதிவு முடிவதற்கு முன் கதவு திறக்கிறது. கோதை. "ஏட்டி, பிள்ளைக்கும் கொஞ்சம் சான்ஸ் குடு. கேள்வியும் நீ, பதிலும் நீ, மார்க்கும் நீயா?" பிறகு இரண்டு பேரும் சிரிக்கிறோம். குழந்தையும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது, முதல்முறையாக. மறுபடி மறுபடி அந்த இடத்தைக் கேட்டேன். இப்படிச் சிரித்து எத்தனை வருடம்! சிரிப்பு முடிந்ததும் மின்விசிறி மட்டும் கொஞ்ச நேரம் ஓடுகிறது. யாரோ பொத்தானை அமுக்குகிறார்கள்.

ஜெபராஜ் வந்தபோது சோறு வைக்கவில்லை. ஒன்றும் கேட்காமல் அவரே உலை வைத்தார்.

ஜூலை 30, செவ்வாய்

ஒரு வேலை மீதமிருந்தது. போன வருடம் ஜனவரியில், பெற்றோர் கையெழுத்து வாங்கி, என் குறிப்புக்காக மட்டும் வேறொரு குழந்தையின் அமர்வைப் பதிவு செய்திருந்தேன். அதையும் அதேபோல் பத்து நிமிடம் எண்ணினேன். கேள்வி, கட்டளை பதினொன்று. காத்திருந்தது சராசரி ஏழு விநாடி. குழந்தை தானாகத் தொடங்கியது பதினான்கு முறை. இவர்கள் மூவரும் வேறு வேறு குழந்தைகள், அவர்களை ஒப்பிடக்கூடாது. நான் எண்ணியது என்னை.

ஏழு விநாடி என்பது கேட்பதற்குச் சிறியது. எதிரே அம்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயைத் திறக்காமல் ஏழு விநாடி இருப்பது பெரிய வேலை. முதலில் நான் மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் அப்படி எண்ணியிருப்பேன். எப்போது எண்ணுவதை விட்டேன் என்று தெரியவில்லை. யாரும் அதற்குக் கைதட்டவில்லை. எனக்கே தெரியாமல்தான் வந்திருக்கிறது.

ஐம்பத்தெட்டிலிருந்து பதினொன்றுக்கு வரப் பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது. பதினொன்றிலிருந்து நாற்பத்தொன்பதுக்குத் திரும்பிப் போக, அலமாரியில் சாய்த்துவைத்த ஒரு போன் போதுமாக இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

மாரிச்செல்வி வீட்டுக்குப் போனேன். மேலப்பாளையம் போகிற வழியில் ரயில்வே கேட்டைத் தாண்டி. ஜெபராஜ் வண்டியில் கொண்டுவிட்டுக் கேட்டருகே நின்றுகொண்டார்.

நாற்காலி போட்டாள். உட்கார்ந்து, யோசித்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, "பிள்ளைக்காக எடுக்கலை மாரி. எனக்காகத்தான் எடுத்தேன். என்கூடப் படிச்சவ ஒருத்தி பெரிய ஆளாயிட்டா. நானும் ஏதோ செய்யுதேன்னு அவளுக்குக் காட்டணும்னு இருந்துச்சு" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குமா டீச்சர்?" என்றாள்.

"எனக்கும்தான்."

"நீங்க சன்னலை அடைக்கலையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும். அவள் சிரிக்கவில்லை. "என்னமும் இருக்கட்டும். என் பிள்ளையை வச்சு அது பண்ணிருக்க வேண்டாம்" என்றாள். சரி என்றேன். தர்ஷிகா கதவிடுக்கில் நின்றாள், வெளியே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வேறு பயிற்சியாளர் இருவரின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நான்கு மணி. வரவில்லை. ரிப்போர்ட் இரண்டையும் எழுதி முடித்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கோதைக்கு நானே போன் செய்தேன். ஏழு வருடத்தில் முதல்முறை. பிறந்தநாளுக்கு மெசேஜ் போடுவதோடு சரி.

"ஹெப்சியா? ஏட்டி! உயிரோட இருக்கியா?"

பழைய பதிவின் கடைசி ஒரு நிமிடத்தைப் போனிலேயே போட்டுக் காட்டினேன். கடைசிச் சிரிப்பு வரை கேட்டாள். பிறகு, "அந்த மின்விசிறி! கடவுளே, அந்த மின்விசிறி!" என்று கத்தினாள். அரை மணி நேரம் அந்த அறையிலேயே இருந்தோம். ஹாஸ்டல் சாம்பார், ஞாயிற்றுக்கிழமை குளியலறை வரிசை, ஆட்டுக்குக் காது எங்கே போனது என்ற பழைய வழக்கு.

பிறகு சொன்னேன். பார்த்துப் பார்த்து வயிறெரிந்ததை, வீடியோவை, தர்ஷிகாவை. முழங்கையையும் சொன்னேன்.

"என்ன முழங்கை?" அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அந்தப் படத்தைப் போடுத அவசரத்துல இன்ஸ்டா அதைச் சதுரமா வெட்டுனதை நான் பாக்கவே இல்லை, ஹெப்சி. சத்தியமா."

அவளும் எதையாவது சொல்லி அழுவாள் என்று என் மனதின் ஒரு மூலை எதிர்பார்த்தது. வேலை பிடிக்கவில்லை, நிம்மதி இல்லை, உன் வாழ்க்கைதான் வாழ்க்கை என்று. அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. "எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்குட்டி. மேடை, கூட்டம், கேமரா. காலையில எழுந்தா ஓடணும்னு இருக்கு. பிள்ளைங்களோட உக்காந்து ரெண்டு வருஷம் ஆச்சு, உண்மையைச் சொன்னா அவ்வளவா தேடலை. நான் எப்பவுமே அப்படித்தான? நீதான ரிப்போர்ட் எழுதுவ."

ஆமாம், அவள் எப்பவுமே அப்படித்தான். அவள் தன் இடத்துக்குத்தான் போயிருக்கிறாள். என் இடத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை.

"என் வீடியோ வராம வச்சுக்கோ கொஞ்ச நாள்," என்றாள். "நட்பை வெட்டவேண்டாம், வராம மட்டும் நிறுத்தலாம். நானே மூணு பேரை அப்படி வச்சிருக்கேன். யாருன்னு கேக்காத."

அப்படியே செய்தேன். மற்ற பயிற்சியாளர்களையும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குப் படியில் செருப்புச் சத்தம். மாரிச்செல்வி, பின்னால் தர்ஷிகா.

"நீங்க குடுத்த நம்பர்ல ஒருத்தவங்ககிட்ட போனோம். நல்லாத்தான் பாத்தாவ. இவதான் இந்தப் பக்கம் வந்தா படிக்கட்டைக் கண்டதும் இங்கயே இழுக்கா."

என் போனைத் தையல் கடையில் கொடுத்துவிட்டு மேலே வந்தேன். மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். குமிழியை எடுக்கவே இல்லை. தர்ஷிகா மேசைக்கு அடியில் உட்கார்ந்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் இருவரும் பாட்டில் மூடிகளை அடுக்கினோம். கேள்வி: பூஜ்யம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தர்ஷிகாவுக்கு இன்னும் "தா" திரும்பவில்லை. என்னால் போன வார்த்தை. மேசைக்கு வெளியே வந்துவிட்டாள், கையைப் பிடித்து இழுக்கிறாள். இன்று அரை மணியில் ஒன்பது முறை. ஜூனில் பதினேழு. இந்த இறக்கத்தையும் தாளில் எழுதினேன், காரணத்தோடு. மாரிச்செல்வி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

செப்டம்பர் 26, வியாழன்

பதினான்கு.

அக்டோபர் 8, செவ்வாய்

மூன்று நாற்பதுக்கு ஜெபராஜ் ஒரு படத்தை அனுப்பினார். அவருடைய போனில் கோதை இன்னும் வருகிறாள். சிங்கப்பூரில் ஒரு மாநாட்டில் பேசுகிறாள், பின்னால் பெரிய திரையில் அவள் பெயர். "உனக்குத் தெரியணுமேன்னு அனுப்புனேன்" என்று எழுதியிருந்தார்.

வயிற்றில் அதே இடத்தில் அதே கிள்ளல். ஜூனில் மஞ்சள் சுவரைப் பார்த்தபோது அது வாரக்கணக்கில் இருந்தது. இன்று எவ்வளவு நேரம் இருக்கிறது பார்ப்போம் என்று நோட்டின் ஓரத்தில் 3.40 என்று குறித்துவைத்தேன். கோதைக்கு வாழ்த்து எழுதினேன். மனதாரத்தான் எழுதினேன், கிள்ளலோடு.

நான்கு மணிக்குத் தர்ஷிகா வந்தாள். பாட்டில் மூடிகள் போட்ட பெட்டியை நேராகப் போய் எடுத்தாள். பெட்டி இறுகியிருந்தது. திறக்கப் பார்த்தாள், முடியவில்லை. என் மடியில் வைத்தாள். நான் பேசவில்லை. மாரிச்செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்துத் தானே நிறுத்திக்கொண்டாள். கீழே தையல் மெஷின் ஓடி நின்றது. பிள்ளை என் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை.

"தெற" என்றாள்.

புது வார்த்தை. திறந்தேன். மூடினாள். "தெற." திறந்தேன். ஐந்தேகால் வரை திறந்துகொண்டும் மூடிக்கொண்டும் இருந்தோம். மாரிச்செல்வி போகும்போது படியில் நின்று, "தாளில எழுதிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன்.

இப்போது ஆறு மணி. நோட்டின் ஓரத்தில் 3.40 என்று மட்டும் இருக்கிறது. எதிரே முடிந்த நேரத்தைக் குறிக்க மறந்துவிட்டேன். யோசித்துப் பார்க்கிறேன், எப்போது போனது என்று தெரியவில்லை.